எல்லாவற்றையும் 30-ஆல் பெருக்கினால் என்ன ஆகும்?

"30 பேருக்கு நான்கு மாத எலக்ட்ரீஷியன் பயிற்சி. உதவித்தொகை, டூல்ஸ், தேர்வுக் கட்டணம் எல்லாவற்றையும் 30-ஆல் பெருக்கி பட்ஜெட் போட்டுவிட்டோம். வேலைக்குப் போனவர்களைக் கவனிக்கவும் தனியாகப் பணம் வேண்டுமா? ஒரு ஏஜென்ட் அதை இலவசமாகச் செய்துதருவதாகச் சொல்கிறார்."

தனியாகப் பணம் வேண்டும். ஏஜென்டை நம்பி பட்ஜெட்டிலிருந்து அந்தச் செலவை அடித்துவிடாதீர்கள்.

முதலில் உதவித்தொகை. மாதாமாதம் 30, 28, 26, 25 பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால், ஒருவருக்கு ஒரு மாதம் என்ற கணக்கில் 109 தொகை. நீங்கள் போட்டதோ 120. மிச்சமாகும் 11 மாதத் தொகையை வேறு எதற்கும் எடுக்காதீர்கள். வகுப்பு முடிந்த மறுநாளே தேர்வு வைக்க எந்த வாரியமும் முன்வருவதில்லை. தேதிக்காக வாரக்கணக்கில் காக்க வைப்பார்கள். கையில் காசில்லாத பையன் அதற்குள் கூலி வேலைக்குப் போய்விடுவான், தேர்வுக்கு வரமாட்டான். அந்த 11 மாதத் தொகை 25 பேரை ஏறக்குறைய இரண்டு வாரம் தாங்கும்.

தேர்வுக் கட்டணம் நேர்மாறு. 25 பேர் எழுதி 7 பேர் தவறினால், மறுதேர்வோடு சேர்த்து 32 கட்டணம். பயிற்சி தொடங்கும்போதே எல்லோர் பெயரையும் பதிந்து பணம் கட்டச் சொல்லும் வாரியமாக இருந்தால் கணக்கே வேறு: பாதியில் நின்ற 5 பேரின் பணம் திரும்பாது, மொத்தம் 37 ஆகிவிடும். முதல் மாதம் கழித்துப் பதிய விடுவார்களா என்று எழுத்தில் கேளுங்கள். விட்டால் அந்த மாதத்திலேயே நின்றவர்களின் கட்டணமாவது தப்பும். வாய்வார்த்தை போதாது, கவுன்டரில் ஆள் மாறினால் பதிலும் மாறும்.

டூல்ஸில் டெஸ்டர், கட்டிங் பிளேயர் போன்றவை வகுப்பில் இருவருக்கு ஒரு செட் போதும். சொந்த செட்டை வேலையில் சேரும் நாளில் கொடுங்கள்.

இனி ஏஜென்ட். இலவசம் என்பவர் முதலாளியிடமோ பையனின் முதல் சம்பளத்திலோ கமிஷன் எடுத்துக்கொள்வார். 25 பேருக்கும் வேலை உத்தரவு காட்டுவார். இரண்டாவது மாதம் போன் செய்து பாருங்கள், பாதிப்பேர் வீட்டில் இருப்பார்கள். தங்க இடமில்லை, சொன்ன சம்பளம் வரவில்லை என்பார்கள். இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஆகவே உங்கள் ஊழியரே பேச வேண்டும். 18 பேர் வேலைக்குப் போனால் 1, 3, 6-ஆம் மாதங்களில் ஆளுக்கு மூன்று முறை, மொத்தம் 54 தொடர்பு. போன் எடுக்காதவரைத் தேடுவது, வேலையிடத்துக்குப் போவது, சம்பளம் வங்கியில் ஏறியதைப் பார்ப்பது எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு அரைநாள் வையுங்கள். 27 வேலைநாள் சம்பளமும் பயணச் செலவும் வரும். அப்புறம், நிதி தருபவரின் ஒப்பந்தத்தில் திட்டம் முடியும் தேதியைப் பாருங்கள். வகுப்போடு முடிகிறது என்றிருந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் ஏழு மாதம் தள்ளிப் போடச் சொல்லுங்கள்.