விசில் வரும் வரை

அன்புள்ள சார்,

ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் பள்ளி விளையாட்டு விழாவில் 1500 மீட்டர் ஓடுகிறான். திமிரில் தொடக்கத்திலேயே தலைதெறிக்க ஓடித் தோற்கிறான். ஆசிரியரின் அறிவுரையால் திருந்தி, மறு வருடம் கடைசிச் சுற்றில் மின்னலாகப் பாய்ந்து ஜெயிக்கிறான். இதுதான் நான் இணைத்திருக்கும் கதை. முடிவில் அவன் ஜெயிப்பது சரியா, தோற்பது சரியா? போட்டிக்கு அனுப்பலாமா?

– கா.

அன்புள்ள கா.,

போட்டிக்கு அனுப்புவது உங்கள் இஷ்டம். சுண்ணாம்புக் கோடு வெயிலில் கண் கூசுகிற இடம் எனக்குப் பிடித்திருந்தது. மற்றபடி உங்கள் மேல் கொஞ்சம் கோபம்.

பையனுக்குத் திமிர் என்று யார் சொன்னது? நீங்கள் 1500 மீட்டர் ஓடியதில்லை, அதனால்தான் இப்படி எழுத வருகிறது. தசையில் உடனடிச் செலவுக்கென்று கொஞ்சம் சக்தி இருப்பு இருக்கும். பத்து விநாடி போல அது தாங்கும். மூச்சு முழு வேகத்துக்கு வர ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். அதனால் முதல் சுற்றில் எவ்வளவு வேகமாக ஓடினாலும் சும்மா நடப்பது போலத்தான் இருக்கும். உடம்பே அவனிடம் பொய் சொல்கிறது, பாவம், அவன் நம்புகிறான். நானும் நம்பினேன்.

எங்கள் மைதானத்தில் ஒரு சுற்று 200 மீட்டர். 1500 என்றால் ஏழரைச் சுற்று. ஐந்தரை நிமிடத்தில் முடிக்கக்கூடியவன் நான், அதாவது சுற்றுக்கு 44 விநாடி. முதல் சுற்றை 34-இல் ஓடினேன். கைதட்டல்! அடுத்தது 40. மூன்றாவதில் 46. அங்கேதான் தோள் இரண்டும் காதை நோக்கி ஏறின, காலடி சின்னதாயிற்று, என் பாதம் தரையில் சப்பென்று விழுகிற சத்தம் எனக்கே கேட்டது. அப்புறம் 50, 52, 52, 52, கடைசி அரைச் சுற்று 26. மொத்தம் 5 நிமிடம் 52 விநாடி. முதல் இரண்டு சுற்றில் சேர்த்த 14 விநாடிக்கு 36 விநாடி வட்டி கட்டினேன். உங்கள் கதையில் இந்த மூன்றாவது சுற்று எங்கே? ‘அவன் களைத்துப்போனான்’ என்று ஒரே வரியில் தாண்டிவிட்டீர்களே!

இன்னொன்று, அந்த மின்னல். 1972 மியூனிக் ஒலிம்பிக் 800 மீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். தலையில் தொப்பியோடு ஓடிய அமெரிக்கர் டேவ் வாட்டில் தொடக்கத்தில் எல்லோருக்கும் கடைசியில் இருந்தார். முடிவில் 0.03 விநாடியில் தங்கம். பார்க்கிறவனுக்குக் கடைசியில் பறந்து வந்தது போலத் தோன்றும். ஆனால் நான்கு 200 மீட்டரையும் அவர் 26 விநாடி சொச்சத்தில்தான் ஓடினார். முன்னால் போனவர்கள் வேகம் குறைந்து அவரிடம் வந்து சேர்ந்தார்கள். உங்கள் பையனும் யாரையும் பாய்ந்து முந்த வேண்டாம். அவன் பாட்டுக்கு ஓடட்டும், முன்னால் தெரிகிற முதுகுகள் மெல்லப் பெரிதாகட்டும்.

அறிவுரைப் பக்கங்களைக் கிழித்துப் போடுங்கள். எங்கள் பி.டி. சார் ‘நிதானம்’ என்ற சொல்லையே உச்சரித்ததில்லை. சுற்றில் நூறு மீட்டருக்கு ஒன்றாக இரண்டு கொடி நட்டார். 22 விநாடிக்கு ஒரு தரம் விசில் ஊதுவார். விசிலும் நானும் ஒரே நேரத்தில் கொடிக்கு வர வேண்டும். முந்தி வந்தால், “நில்லுடா, விசில் வர்ற வரைக்கும் அங்கயே குதி.” முதல் நாள் மூன்று விநாடி, நான்கு விநாடி என்று குதித்துக்கொண்டே இருந்தேன், பெண்கள் வகுப்பு ஜன்னலில் ஒரே சிரிப்பு. இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் விசிலைப் பையில் போட்டுக்கொண்டு கடிகாரத்தை மட்டும் பார்த்தார். முதல் சுற்று 44. ரொம்ப மெதுவாக ஓடுகிறோம் என்ற பயத்தோடேயே ஓடினேன். அந்தப் பயத்தை எழுதுங்கள்.

மறு வருடம் ஆறு சுற்று வரை 44, 45 என்றே போனது. ஏழாவது 41. நான்காவதாக வந்தேன். சார் இடத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. சிகரெட் அட்டையின் பின்பக்கம் குறித்து வைத்திருந்த எண்களைப் பார்த்துக்கொண்டே, “41 வருதுன்னா கையில இருப்பு வச்சிருந்திருக்கியேடா. அஞ்சாவது சுத்துலயே கொஞ்சம் விட்டிருக்கலாம்” என்றார்.