உள்ளாட்சித் தலைப்பை அட்டவணையாக்குவது

ஐயா, குரூப் 4 தேர்வுக்குப் படித்து வருகிறேன். பொது அறிவுப் பாடத்திட்டத்தை அட்டவணைகளாகச் சுருக்கும்போது உள்ளாட்சித் தலைப்பு மட்டும் பாடப்புத்தகம் அளவுக்கு நீண்டுவிட்டது. போதாததற்கு, ஒரே செய்திக்கு இரண்டு புத்தகங்களில் இரண்டு எண்கள் இருக்கின்றன. எதை எழுதுவது, எதை விடுவது?
– ஒரு வாசகி, விருதுநகர்

அன்புள்ள வாசகிக்கு,

பாடத்தைப் பத்தி பத்தியாகச் சுருக்கினால் அட்டவணை நீளத்தான் செய்யும். கேள்வி எழக்கூடிய இடங்களை மட்டும் வரிசைகளாக்குங்கள்: பல்வந்த்ராய் மேத்தா குழு, 73ஆவது திருத்தம், கிராம சபை, இட ஒதுக்கீடு, மாநிலத் தேர்தல் ஆணையம், மாநில நிதி ஆணையம். ஒவ்வொரு வரிசைக்கும் தலைப்பு, விடை, எதன்படி, எங்கே உள்ளது என்று நான்கு கட்டங்கள் போதும். பலரும் விட்டுவிடுகிற மூன்றாவது கட்டத்தில்தான் உங்கள் இரண்டு எண்களுக்கும் விளக்கம் இருக்கிறது.

பெண்களுக்கான இட ஒதுக்கீட்டை எடுத்துக்கொள்வோம். அரசியலமைப்பின் 243-டி உறுப்பு, மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் ஒதுக்க வேண்டும் என்கிறது; தமிழ்நாட்டிலோ 2016இல் செய்யப்பட்ட சட்டத்திருத்தம் அதை 50 விழுக்காடாக உயர்த்தியது. இரண்டும் சரியான விடைகளே. "அரசியலமைப்பின்படி" என்று கேள்வி தொடங்கினால் முதலாவதையும், "தமிழ்நாட்டில்" என்று தொடங்கினால் இரண்டாவதையும் குறிக்க வேண்டும். ஆகவே இதை ஒரே வரிசையில் அடைக்காமல், "எதன்படி" என்ற கட்டம் வேறுபடும் இரண்டு வரிசைகளாக எழுதுங்கள்.

கிராம சபைக் கூட்டங்களில் நிலைமை வேறு. அங்கே முரண்படுவது காலம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என நான்கு நாள்களைச் சொல்லும் புத்தகம் தவறானதல்ல, பழையது. 2022 முதல் தமிழ்நாட்டில் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22, உள்ளாட்சிகள் நாளான நவம்பர் 1 ஆகியவையும் சேர்ந்து ஆறாயின. இத்தகைய வரிசையில் ஆண்டைக் கட்டாயம் குறியுங்கள். மாநில அரசின் ஆணையால் மாறக்கூடிய செய்திகளை மட்டும் வேறு நிற மையில் எழுதினால், தேர்வுக்கு முந்தைய வாரத்தில் அவற்றை மட்டும் சரிபார்த்தால் போதும்.

நான்காவது கட்டத்தில் பக்க எண் வேண்டாம். பாடநூல்கள் மறுபதிப்பாகும்போது பக்கங்கள் இடம் மாறுகின்றன. வகுப்பு, பாடத்தின் பெயர், உட்தலைப்பு, பதிப்பாண்டு என்று எழுதினால் எந்தப் பிரதியிலும் தேடிக்கொள்ளலாம். தேர்வாணையம் தற்காலிக விடைக்குறிப்பு வெளியிட்ட பிறகு ஆட்சேபம் தெரிவிக்க நேர்ந்தால், ஆதாரமாகக் காட்டவேண்டிய நூலும் பகுதியும் அந்தக் கட்டத்திலேயே கிடைத்துவிடும்.

இந்த முறை ஆட்சியியலுக்கு நன்றாகப் பொருந்துகிறது, ஆனால் கூற்று–காரணம் வகைக் கேள்விகளுக்குப் போதாது. 1957இல் அமைந்த மேத்தா குழு மூன்றடுக்கு முறையைப் பரிந்துரைத்தது என்பது ஒரு வரிசைக்குள் அடங்கும். சமூக மேம்பாட்டுத் திட்டத்தில் மக்களின் பங்கேற்பு குறைவாக இருந்ததை அந்தக் குழு கண்டதும், அதிலிருந்து அந்தப் பரிந்துரைக்கு வந்ததும் அடங்கா. அத்தகைய இடங்களில் விடைக் கட்டத்தை வெறுமையாக விட்டு, "பாடத்தையே படி" என்று மட்டும் எழுதி வையுங்கள்.