இனிஷியல் மாறினதால மூணு வாரம் தள்ளிப்போன ஜாயினிங்

கேள்வி: கல்யாணத்துக்கு அப்புறம் ஆதார்ல அப்பா பேரை எடுத்துட்டு கணவர் பேர் போட்டுட்டேன். ஆனா டிகிரி, பழைய கம்பெனி லெட்டர் எல்லாம் அப்பா இனிஷியல்லதான் இருக்கு. இப்ப வேலை தேடுறேன். ரெஸ்யூம்லயும் லிங்க்ட்இன்லயும் எந்தப் பேர் போடணும்?

பதில்:

ஆதார்ல மாத்திட்டீங்கன்னா அந்தப் பேரையே ரெண்டுலயும் போடுங்க, பழைய பேரை ஒரே ஒரு வரியில பக்கத்துலயே சொல்லிடுங்க. ஏன்னு கேட்டா என் கதையைச் சொல்லணும்.

என் நிஜப் பேர் வேண்டாம், கவிதான்னு வச்சுக்கோங்க, அப்பா பேர் சுந்தரம், வீட்டுக்காரர் பேர் பிரபு. மார்க் ஷீட், டிகிரி எல்லாத்துலயும் Kavitha S. முதல் கம்பெனியில லாஸ்ட் நேம் கட்டாயம்னு ஃபார்ம் கேட்டுச்சு, அதுல வெறும் S மட்டும் போட்டேன், ஆஃபர் லெட்டர்ல இருந்து ரிலீவிங் லெட்டர் வரைக்கும் Kavitha S-ன்னே வந்துச்சு. பான் கார்டுல லாஸ்ட் நேமுக்கு வெறும் இனிஷியலை ஏத்துக்க மாட்டாங்க, விரிச்சுத்தான் எழுதணும், அதனால அது Kavitha Sundaram. ஆக கல்யாணத்துக்கு முன்னாடியே எனக்கு ரெண்டு பேர் ஓடிட்டு இருந்துச்சு, நான் கவனிக்கவே இல்ல. நம்ம ஊர்ல பாதிப்பேருக்கு இதே கதைதான், இனிஷியலை நாம பேரோட ஒரு பகுதியாவே நினைக்கிறதில்ல, ஃபார்முக்கு ஃபார்ம் முன்னாடியும் பின்னாடியும் மாத்தி எழுதிட்டே இருக்கோம்.

கல்யாணம் ஆனதும் மாமியார் வீட்டு ரேஷன் கார்டுல சேக்கணும்னு ஆதாரை Kavitha Prabhu ஆக்கினேன். யாரும் கட்டாயப்படுத்தல, எனக்கும் அப்ப பெருசா தெரியல. லிங்க்ட்இன்ல ஆசையா அன்னைக்கே Kavitha Prabhu போட்டுட்டேன். ரெஸ்யூம் பழைய ஃபைல்தான், அதுல Kavitha S. ரெண்டாவது கம்பெனி சம்பளமும் ஃபார்ம் 16-ம் பான் பேர்ல, அதாவது Kavitha Sundaram. மூணாவது கம்பெனியில ஆஃபர் கிடைச்சு பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷனுக்குப் போச்சு, அங்கதான் மாட்டுச்சு.

வெரிஃபிகேஷன் பண்றவங்க உங்களை முன்னப்பின்ன பாத்ததே இல்லாதவங்க. அவங்க கையில இருக்கிறது நீங்க கொடுத்த பேரும் பேப்பரும் மட்டும்தான். நான் ஃபார்ம்ல ஆதார் பேரைக் கொடுத்தேன், அவங்க அந்தப் பேரை வச்சு முதல் கம்பெனி எச்ஆருக்கு மெயில் போட்டாங்க, இந்தப் பேர்ல யாரும் இங்க வேலை பாக்கலைன்னு பதில் வந்துடுச்சு. அங்க இருந்தவ Kavitha S ஆச்சே. பொய் சொன்னேன்னு யாரும் சொல்லல, ஆனா ரிப்போர்ட்ல "சரிபார்க்க முடியவில்லை"ன்னு ஒரு வரி விழுந்துச்சு, அது போதும் ஜாயினிங் தேதி தள்ளிப்போக. பழைய எம்ப்ளாயி ஐடியைத் தேடி எடுத்துக் கொடுத்த பிறகுதான் நகர்ந்துச்சு, பேர் மாறலாம் ஆனா ஐடி மாறாதுல்ல. அதோட மேரேஜ் சர்டிபிகேட்டும், மூணு பேர்லயும் இருக்கிறது ஒரே ஆள்தான்னு நோட்டரி கையெழுத்து போட்ட ஒரு அஃபிடவிட்டும் கொடுத்தேன். மூணு வாரம் போச்சு. நோட்டீஸ் பீரியட் முடிஞ்சு பழைய சம்பளமும் இல்லாம புதுசும் இல்லாம வீட்டுல உக்காந்திருந்த அந்த மூணு வாரத்தை நினைச்சா இப்பவும் எரிச்சல் வரும்.

இதுல ஒரு விஷயம் கவனிங்க, சப்-ரெஜிஸ்ட்ரார் ஆபீஸ்னு நம்மாளுங்க சொல்ற சார்பதிவாளர் அலுவலகத்துல வாங்குற மேரேஜ் சர்டிபிகேட்தான் உங்களுக்குப் பெரிய பாலம், ஏன்னா அதுல பொண்ணு பேர், அவ அப்பா பேர், மாப்பிள்ளை பேர் மூணும் ஒரே தாள்ல இருக்கும். S எங்கிருந்து வந்துச்சு, Prabhu எங்கிருந்து வந்துச்சுன்னு பாக்கிறவங்களுக்கு அதுவே சொல்லிடும். கோயில்ல கல்யாணம் பண்ணிட்டு ரசீதோட விட்டவங்க முதல்ல இதைப் பதிவு பண்ணுங்க.

சரி, உங்க விஷயத்துக்கு வரேன். ரெஸ்யூம்ல எந்தப் பேர் போடறீங்களோ அதுதான் ஆஃபர் லெட்டர்ல வரும், அதே பேர்தான் சம்பளத்துக்கும் பிஎஃப்புக்கும் போகும். பிஎஃப் யுஏஎன்ல பேர் ஆதாரோட ஒத்துப்போகணும், பானும் ஆதாரும் இணைக்கணும்னா அங்கயும் பேர் ஒத்துப்போகணும். அதனால ஆதார் மாறிடுச்சுன்னா மத்ததெல்லாம் அது பின்னாடி வந்தே ஆகணும், ஆதார் ஒரு பக்கம் ரெஸ்யூம் ஒரு பக்கம்னு வச்சு ரொம்ப நாள் ஓட்ட முடியாது. ஆஃபர் வர்றதுக்கு முன்னாடியே பானை மாத்திடுங்க, நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேலதான் ஆகும், பான் நம்பர் மாறாது. அஞ்சாவது எழுத்து பழைய லாஸ்ட் நேமோட முதல் எழுத்தா இருக்கும், அது அப்படியே இருக்கட்டும், அதைப் பாத்து பயந்து ரெண்டாவது பான் எடுத்துடாதீங்க, ரெண்டு பான் வச்சிருக்கிறது குத்தம். அப்புறம் பேங்க். இப்ப ஏதாவது கம்பெனியில இருக்கீங்கன்னா பிஎஃப் பேரை அங்க இருக்கும்போதே சரி பண்ணிடுங்க, சில திருத்தத்துக்கு முதலாளி பக்கம் ஒப்புதல் தேவைப்படும், வேலையை விட்டப்புறம் அந்த எச்ஆர் பின்னாடி அலையறது நரகம்.

ரெஸ்யூம் தலைப்புல நான் இப்ப வச்சிருக்கிறது இவ்வளவுதான்:

```
KAVITHA PRABHU
Formerly Kavitha S / Kavitha Sundaram
```

ரெண்டாவது வரி சின்ன எழுத்துல. எதுக்கு மாறுச்சு, எப்ப கல்யாணம் ஆச்சுங்கிற கதையெல்லாம் அங்க வேண்டாம், அது அவங்களுக்குத் தேவையும் இல்ல. ஒவ்வொரு கம்பெனிக்குக் கீழயும் அப்ப என்ன பேர்னு எழுதினேன் ஒரு தடவை, பாக்கவே குழப்பமா இருந்துச்சு, எடுத்துட்டேன். அந்த விவரத்தை வெரிஃபிகேஷன் ஃபார்ம்ல எழுதுங்க, அங்க வேற பேர்ல அறியப்பட்டிருக்கீங்களான்னு ஒரு கட்டம் பெரும்பாலும் இருக்கும், நான் அதைக் காலியா விட்டதுதான் என் தப்பு. இப்ப அதுல எந்தக் கம்பெனியில எந்தப் பேர், என்ன எம்ப்ளாயி ஐடின்னு எழுதிக் கொடுத்துடறேன்.

லிங்க்ட்இன்ல பேர் எடிட் பண்ற இடத்துலயே Additional name-னு ஒரு கட்டம் இருக்கும், பழைய பேரை அங்க போடுங்க, யார் பாக்கலாம்னும் நீங்களே தேர்ந்தெடுக்கலாம். இதை ஏன் சொல்றேன்னா, உங்க பழைய டீம் லீட் உங்களைப் பழைய பேர்லதான் தேடுவாரு, ரெஃபரன்ஸ் கேக்கிற நேரத்துல யாரு இந்தக் கவிதா பிரபுன்னு முழிச்சிட்டு இருப்பாரு. பேரை மாத்தினாலும் ப்ரொஃபைல் லிங்க் முகவரி தானா மாறாது, அதுல பழைய பேர் இருந்தா போய் தனியா மாத்தணும், மாத்தினா ரெஸ்யூம்ல இருக்கிற லிங்க்கையும் மாத்துங்க, ஒரு தடவை க்ளிக் பண்ணியும் பாத்துடுங்க. வேற வேலை தளங்கள்ல இப்படித் தனிக் கட்டம் இல்லைன்னா உங்களைப் பத்தின சுருக்கக் குறிப்புல கடைசி வரியா எழுதிடலாம்.

மெயில் ஐடியை மட்டும் மாத்தாதீங்க, அதுல பழைய இனிஷியல் இருந்தாலும் பரவாயில்ல. கம்பெனி சாஃப்ட்வேர் பழைய விண்ணப்பத்தையும் புதுசையும் சேக்கிறது பெரும்பாலும் மெயிலையும் போன் நம்பரையும் வச்சுத்தான், பேரும் மாறி மெயிலும் மாறினா நீங்க வேற ஆள். ஆனா மெயில் அனுப்பும்போது மேல தெரியுற பேரை செட்டிங்ஸ்ல மாத்திக்கோங்க. நான் இதை மறந்து இன்டர்வியூ நேரம் உறுதி பண்ணி பதில் போட்டா அந்தப் பக்கம் Kavitha Sundaram-னு காட்டியிருக்கு, எச்ஆர் பொண்ணு "நீங்க வேற கேண்டிடேட்டா மேடம்?"னு போன்ல கேட்டா. ஃபைல் பேரும் அப்படித்தான், ரெஸ்யூமுக்குள்ள பிரபுன்னு இருந்துட்டு ஃபைல் பேர்ல S இருந்தா பாக்கிறவங்களுக்கு ஒரு நொடி சந்தேகம் வரும்.

டிகிரி சர்டிபிகேட்டை மாத்தணுமான்னு நிறைய பேர் பதட்டப்படுவாங்க. வேண்டாம். படிச்சப்ப என்ன பேரோ அது அப்படியே இருக்கட்டும், கூட மேரேஜ் சர்டிபிகேட்டை வச்சா போதும். முழுப் பேரையே மாத்தினவங்களுக்கு, அதாவது கவிதாவை விட்டுட்டு வேற பேர் வச்சவங்களுக்கு, மேரேஜ் சர்டிபிகேட் போதாது, தமிழ்நாடு அரசு எழுதுபொருள் அச்சுத்துறை வெளியிடுற கெஜட் அறிவிப்பு வேணும்.

இன்னும் ஆதாரை மாத்தாதவங்க யாராவது இதைப் படிச்சா ஒண்ணு சொல்லிடறேன். கல்யாணம் ஆனா பேரை மாத்தணும்னு எந்தச் சட்டமும் இல்ல. பாஸ்போர்ட்ல கணவன் மனைவி பேருக்குன்னு தனி இடமே இருக்கு, ஆதார்லயும் முகவரியில கேர் ஆஃப் போட்டுக்கலாம், உங்க பேரைத் தொடவே வேண்டாம். ஆதார்ல பேரை வாழ்நாள்ல ரெண்டு தடவைதான் சாதாரணமா மாத்த முடியும். என் கூட வேலை பாத்த ஒரு அக்கா கல்யாணத்துக்கு ஒரு தடவை, ஸ்பெல்லிங் தப்புக்கு ஒரு தடவைன்னு ரெண்டையும் செலவு பண்ணிட்டாங்க, விவாகரத்துக்கு அப்புறம் அப்பா பேருக்குத் திரும்பணும்னு நின்னப்ப ஆன்லைன்ல வழியில்லாம தனியா விண்ணப்பம் போட்டு அலைஞ்சாங்க. நீங்க மாத்துறதா இருந்தா P-ன்னு ஒத்தை எழுத்தா விடாம முழுசா விரிச்சு, பான்ல என்ன ஸ்பெல்லிங் வரப்போகுதோ அதையே போடுங்க.

கடைசியா நேரம். ஆஃபர் கையில வாங்கின பிறகு ஜாயின் பண்ற வரைக்கும் எந்தப் பேப்பர்லயும் கை வைக்காதீங்க. பான் பாதி வழியில இருக்கும்போது ஆஃபர் வந்துடுச்சுன்னா, எச்ஆருக்கு அப்பவே ஒரு மெயில் போட்டு பழைய பேர், புதுப் பேர், பான் விண்ணப்ப ரசீது நம்பர், மேரேஜ் சர்டிபிகேட் நாலையும் கொடுத்துடுங்க. அவங்க கண்டுபிடிச்சு கேக்கிற வரைக்கும் காத்திருந்தா என்னை மாதிரி மூணு வாரம்தான்.