தண்ணி மாற ஆள் வேண்டாம்

வணக்கம் ஐயா. சுன்னாகத்தில் தோட்டங்களுக்கான தூவல் நீர்ப்பாசனச் சாமான்கள் விற்கிறேன். ஆயிரம் நோட்டீஸ் அடித்துச் சந்தையில் கொடுத்தேன். தலைப்பு: "நவீன தொழில்நுட்பத்தில் தரமான தூவல் தொகுதி". கீழே குழாய் அளவு, அழுத்தம், கையால் கழற்றும் தூவல் தலை, உத்தரவாதம். முடிவில் "மேலதிக விபரங்களுக்குத் தொடர்புகொள்ளவும்". ஒருவரும் தொடர்புகொள்ளவில்லை. சாமான் நல்லது. எழுத்தில் என்ன பிழை?

அன்புள்ள தம்பி,

வெங்காயத் தோட்டக்காரரின் தலையிடி உங்கள் நோட்டீஸில் எங்கும் இல்லை. தண்ணி இறைக்கும் மெசினைப் போட்டால், பாத்திக்குப் பாத்தி தண்ணி மாற ஒரு ஆள் நிற்கவேண்டும். ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் கூலி கட்டாது. அதற்கு உங்களிடம் வழி இருக்கிறது. நீங்களோ அழுத்தக் கணக்குச் சொல்கிறீர்கள்.

சாமானின் ஒவ்வொரு சிறப்பையும் எடுத்து, தோட்டக்காரராக நின்று "அதனால் எனக்கென்ன?" என்று கேளுங்கள். கையால் கழற்றும் தலை. அதனால்? எங்கள் கிணற்றுச் சுண்ணாம்பு படிந்து வாய் அடைத்தால், கழற்றி வினாகிரியில் ஊறவைக்கலாம். அதனால்? இறைப்பு நாளில் திருத்துகிறவரைத் தேடி அலையத் தேவையில்லை. அங்கே நிறுத்துங்கள். இன்னொரு "அதனால்" போட்டால் "வாழ்வு வளம்பெறும்" என்று வந்துவிடும். அதை நகைக்கடையும் போடலாம்.

தலைப்பு இப்படி இருக்கட்டும்: "வெங்காயத்துக்குத் தண்ணி மாற இனி ஆள் தேடவேண்டாம்". யாருக்கு, என்ன லாபம், இரண்டும் ஒரே பார்வையில் தெரிகிறது. "விளைச்சல் கூடும்" என்று மட்டும் ஆசைப்பட்டு எழுதாதீர்கள். இலை நெடுநேரம் நனைந்திருந்தால் பூஞ்சண நோய் வரும் என்பது தோட்டக்காரருக்குத் தெரியும். அந்த ஒரு வரியால் மற்ற வரிகளையும் நம்பமாட்டார்.

அழுத்தமும் குழாய் அளவும் கீழே சிறிய எழுத்தில் வரட்டும். ஆசை வந்த பிறகுதான் "என்ரை மெசின் இழுக்குமோ?" என்று கேட்பார்; அப்போது அவை வேண்டும். தேய்ந்த தலையை மாற்ற வருகிறவருக்கு மட்டும் அளவுதான் முதலில். அவருக்கு லாபம் சொல்லி நேரத்தை வீணாக்கக் கூடாது.

"மேலதிக விபரங்களுக்கு" என்றால் என்ன கேட்பது என்று யோசிக்கும் வேலையை அவர் தலையில் கட்டுகிறீர்கள். இப்படிப் போடுங்கள்: "எத்தனை பரப்பு, என்ன மெசின் என்று வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். மொத்தச் செலவை மறுநாளே சொல்கிறோம்." இந்த ஒன்று போதும். பேஸ்புக், கடை முகவரி, மின்னஞ்சல் எல்லாம் சேர்த்தால் எதையும் செய்யமாட்டார். மறுநாள் பதில் அனுப்ப உங்களால் முடியவேண்டும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அப்புறம், என் தலைப்பையும் நம்பிவிடாதீர்கள். அமெரிக்க விளம்பர எழுத்தாளர் கிளாட் ஹொப்கின்ஸ், எந்த விளம்பரம் வேலை செய்தது என்பதைத் திரும்பி வந்த கூப்பன்களை எண்ணித்தான் முடிவு செய்தார். நீங்கள் இரண்டு தலைப்பை மஞ்சள், பச்சைத் தாள்களில் சரிபாதியாக அடித்து, ஒரே சந்தையில் ஒரே நாளில் கலந்து கொடுங்கள். தொடர்புகொள்கிறவரிடம் தாளின் நிறத்தைக் கேட்டு எழுதி வையுங்கள்.