வைடாலில் 'பாசிட்டிவ்' வந்த பிறகும் பிளட் கல்ச்சர் எதற்கு?

"நாலு நாளாகக் காய்ச்சல். வைடால் ரிப்போர்ட்டில் ஓ 1:80, ஹெச் 1:160 என்று போட்டு 'பாசிட்டிவ்' என்று எழுதியிருக்கிறார்கள். டாக்டர் பிளட் கல்ச்சரும் எடுக்கச் சொல்கிறார், ரிசல்ட் வர நாலைந்து நாள் ஆகுமாம். டைபாய்டு என்று தெரிந்த பிறகு நேராக மாத்திரை ஆரம்பிக்கக் கூடாதா?"

டைபாய்டு என்று இன்னும் தெரியவில்லை. அந்த எண்கள் எப்படி வருகின்றன என்று பார்த்தால் காரணம் புரியும்.

வைடாலில் கிருமியை யாரும் தேடுவதில்லை. உங்கள் ரத்தத்தின் சீரத்தை 20 மடங்கு, 40 மடங்கு, 80 மடங்கு என்று இரட்டித்துக்கொண்டே போய் நீர்க்கச் செய்து, ஏற்கெனவே கொன்று வைத்த டைபாய்டு கிருமிகளோடு கலப்பார்கள். சீரத்தில் அவற்றுக்கு எதிரான ஆன்டிபாடி இருந்தால் கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரிந்துகொள்ளும். கடைசியாக எந்த நீர்ப்பு வரை திரிந்ததோ அதுதான் டைட்டர். ஓ என்பது கிருமியின் மேலுறைக்கு எதிரான ஆன்டிபாடி, ஹெச் என்பது அது நீந்த உதவும் வால் இழைகளுக்கு எதிரானது.

இப்போது உங்கள் ரிப்போர்ட்டுக்கு வருவோம். டைபாய்டு வந்தால் ஓ ஆன்டிபாடி பொதுவாக 6 முதல் 8 நாள் கழித்துத்தான் தலைகாட்டும், ஹெச் 10 முதல் 12 நாள் ஆகும். உங்களுக்கோ நாலாவது நாளிலேயே ஹெச் 1:160 இருக்கிறது. இந்தக் காய்ச்சலுக்காக உடம்பு புதிதாகச் செய்தது என்பதைவிட, அது பழைய சரக்கு என்று நினைப்பதே நியாயம். எப்போதோ வந்துபோன டைபாய்டு, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த வேறு கிருமி, முன்பு போட்ட சில தடுப்பூசிகள், எதுவும் அதை விட்டுச் சென்றிருக்கலாம். சம்பந்தமே இல்லாத காய்ச்சலில்கூடப் பழைய ஹெச் கொஞ்சம் எகிறுவதுண்டு. டைபாய்டு அடிக்கடி வரும் இடங்களில் நலமாக நடமாடுகிறவர்களிடமே ஓ 1:80 காணக்கூடியதுதான். அந்த ஊரில் ஆரோக்கியமானவர்களுக்குச் சாதாரணமாக எவ்வளவு இருக்கும் என்று தெரியாமல் 'பாசிட்டிவ்' என்று எழுதுவதில் அர்த்தமில்லை. அந்தச் சொல்லை விட்டுவிட்டு எண்ணை மட்டும் பாருங்கள்.

வைடாலை ஒழுங்காகப் படிக்க ஒரு வழி உண்டு. 7 முதல் 14 நாள் கழித்து மறுபடி ரத்தம் எடுத்து, அதே லேபில், அதே முறையில் பார்க்க வேண்டும். ஓ 1:80 என்பது 1:320 ஆகியிருந்தால் நான்கு மடங்கு உயர்வு, அதை நம்பலாம். 1:160 மட்டும் ஆகியிருந்தால் ஒரே ஒரு படிதான். திரிந்திருக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்துச் சொல்கிற சோதனையில் ஒரு படி இப்படியும் அப்படியும் போவது சகஜம். சரி, அதற்குள் இரண்டு வாரம் ஓடிவிடும். மருந்து கொடுப்பதா வேண்டாமா என்று அதுவரை காத்திருக்க முடியாது.

ரத்தத்தை லேபில் வைத்துக் கிருமியை வளர்த்துப் பார்ப்பதுதான் கல்ச்சர். அது கேட்கிற கேள்வியே வேறு: கிருமி இப்போது ரத்தத்தில் இருக்கிறதா? கிருமி பிடிபடுவதற்குக் காய்ச்சலின் முதல் வாரம்தான் நல்ல நேரம், அதாவது நீங்கள் இருக்கிற இந்த நாட்கள். ஆனால் டைபாய்டில் ஒரு மில்லி ரத்தத்தில் ஒரு கிருமிகூட இல்லாமல் போகலாம். பெரியவர்களுக்கு 10 மில்லி அளவுக்கு எடுப்பது அதனால்தான். ஊசியில் அவ்வளவு ரத்தம் ஏறுவதைப் பார்த்துப் பலர் முகம் சுளிப்பார்கள். 2 மில்லியோடு நிறுத்தினால் கிருமி தப்பிவிடும், கல்ச்சர் எடுத்ததற்கே பலனிருக்காது.

ஆன்டிபயாடிக் ஒரே ஒரு வேளை உள்ளே போய்விட்டாலும் கல்ச்சரில் கிருமி வளரும் வாய்ப்பு குறையும். ஆகவே முதலில் ரத்தம், அப்புறம் மாத்திரை. ரத்தம் எடுத்து முடிந்ததும், தேவை என்று டாக்டர் நினைத்தால் அன்றே மருந்தை ஆரம்பிக்கலாம், ரிசல்ட்டுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

கிருமி வளர்ந்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் தெரியும். எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று பார்க்க இன்னும் ஓரிரு நாள். இந்த இரண்டாவது பகுதிதான் விலைமதிப்பற்றது. ஒரு காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு எழுதிய சிப்ரோஃப்ளோக்சசினுக்கு இன்று பல டைபாய்டு கிருமிகள் அடங்குவதில்லை. வைடால் எண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதைச் சொல்லாது.

கல்ச்சருக்கும் குறை உண்டு. டைபாய்டு உள்ள 10 பேரில் ஏறக்குறைய 6 பேரிடம்தான் அது கிருமியைப் பிடிக்கும். அதனால் 'வளர்ச்சி இல்லை' என்று வந்தாலும் டைபாய்டு இல்லவே இல்லை என்று ஆகாது, காய்ச்சல் போகும் போக்கை வைத்து டாக்டர் முடிவெடுப்பார். இடையில் கடும் வயிற்றுவலி, கறுப்பாக மலம், புத்தி தடுமாற்றம் என்று எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கல்ச்சரில் டைபாய்டு உறுதியாகிச் சரியான மருந்தே போனாலும் காய்ச்சல் இறங்க நாலைந்து நாள் ஆகலாம். குணமாகிவிட்டதா என்று பார்க்க மறுபடி வைடால் எடுக்காதீர்கள். ஹெச் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் அப்படியே நிற்கும். அதைப் பார்த்துப் பயந்து தேவையில்லாமல் இரண்டாவது கோர்ஸ் மருந்து விழுங்கியவர்கள் நிறையப் பேர்.