டவரா, ஃபைபரா?

கேள்வி: ஒரு சிறிய ஊரில் இணைய இணைப்பு கொடுத்து வருகிறேன். டவரில் 3 செக்டர் ஆன்டெனா, 180 வீடுகள். இரவானால் வேகம் இல்லை என்று புகார். இன்னும் ஆன்டெனா மாட்டுவதா, கடன் வாங்கி ஃபைபர் இழுப்பதா?

பதில்: இரவு 9 மணிக்கு ஒரு வீட்டிலிருந்து டவர் வரைக்கும் மட்டும் பிங் செய்து பாருங்கள். பகலில் 5 மில்லிசெகண்டில் வந்த பதில் இரவில் 100-ஐத் தாண்டினால் அந்த வீட்டுப் பக்கத்தைப் பார்க்கும் செக்டர் நிரம்பிவிட்டது. அங்கே மாற்றம் இல்லையென்றால் டவரைத் தாண்டி, அதை வெளி இணையத்தோடு சேர்க்கும் மேலிணைப்பில்தான் நெருக்கடி. அப்படியானால் இப்போதைக்கு ஃபைபரை மறந்துவிடலாம்.

செக்டர்தான் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுக்கு 60 வீடுகள். உச்ச நேரத்தில் வீட்டுக்குச் சராசரி 3 மெகாபிட் என்றால் 180 மெகாபிட் வேண்டும். உங்கள் செக்டர் உண்மையில் 150 மெகாபிட் தருகிறது என்றால், 50 வீட்டோடு அதன் கணக்கு முடிந்தது. பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணை நம்பாதீர்கள். மரத்துக்குப் பின்னால் இருக்கும் ஒரு வீடு ஆறில் ஒரு பங்கு வேகத்தில் இணைந்திருந்தால், அதே படத்தைப் பார்க்க மற்றவர்களைவிட ஆறு மடங்கு நேரம் வானலையைப் பிடித்துக்கொள்ளும். அப்படிப்பட்ட நான்கைந்து வீடுகளின் ஆன்டெனாவை உயர்த்திக் கட்டினாலே கொஞ்ச காலம் தள்ளலாம். உரிமம் தேவைப்படாத அலைவரிசையில் ஒரே டவரில் ஆன்டெனாக்களை அடுக்கினால் ஒன்றின் இரைச்சல் இன்னொன்றைக் கெடுக்கும்.

கொள்ளளவில் ஃபைபரோடு போட்டியே இல்லை. ஒரே ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஜிபான் முறையில் ஒரு போர்ட் ஏறத்தாழ 2.5 ஜிகாபிட், அதை 32 வீடுகள் பகிர்ந்தால் உச்ச நேரத் தேவை 96 மெகாபிட், 4 சதவீதம்தான். சிக்கல் செலவில். ஒயர்லெஸ் செலவு பெரும்பாலும் வீடு சேரச் சேர வரும். ஃபைபரில், யாரும் சேராவிட்டாலும் தெரு முழுக்கக் கேபிளுக்கும் கம்பத்துக்கும் முதலிலேயே கொட்ட வேண்டும். 1 கிலோமீட்டர் தெருவில் 40 பேர் சேர்ந்தால் ஆளுக்கு 25 மீட்டர், 20 பேர் என்றால் 50 மீட்டர். தனியாக நிற்கும் தோட்டத்து வீட்டுக்கு 1,500 மீட்டரும் ஒருவர் தலையில். ஆகவே ஊரை மொத்தமாகக் கணக்கிடாமல் தெருத்தெருவாகக் கணக்கிடுங்கள்.

கடனில்தான் பலரும் சறுக்குகிறார்கள். அந்த 40 பேரில் 25 பேர் ஏற்கெனவே உங்கள் வாடிக்கையாளர்களாக இருந்தால், கட்டணத்தை உயர்த்தாதவரை புதிய வருமானம் 15 பேரிடமிருந்து மட்டுமே. தவணையை அந்த 15-ஐ வைத்தே போட்டுப் பாருங்கள். கேபிள் இழுக்கும் முன் முன்பணம் வாங்கிப் பதிவு செய்யுங்கள். வாய்வார்த்தையைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

நானாக இருந்தால் நெருக்கமான இரண்டு தெருக்களுக்கு மட்டும் ஃபைபர் போடுவேன். அங்கிருந்து 50 வீடுகள் டவரை விட்டு இறங்கினால் மிச்சமுள்ள 130 வீடுகளுக்கு, அவை மூன்று செக்டரிலும் பரவியிருந்தால், இருக்கிற ஆன்டெனாவே போதும். கழற்றிய கருவிகளைத் தோட்டத்து வீடுகளில் மாட்டிக்கொள்ளலாம்.