உடைந்த நடைபாதைக்கு எந்தப் பெட்டி?

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். வேலை விஷயமாக மாதத்தில் இரண்டு முறை விமானப் பயணம். மெட்ரோ ஸ்டேஷன் வரை பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்துதான் போவேன். நாலு சக்கரப் பெட்டியில் ஒரு சக்கரம் பிய்ந்துவிட்டது. அடுத்து எதை வாங்கலாம்? பூட்டு, டிராக்கர் எல்லாம் அவசியமா?

பதில்: இரண்டு சக்கரப் பெட்டியாக வாங்குங்கள். நாலு சக்கரம் விமான நிலையத்தின் வழவழப்பான தரைக்குத்தான் லாயக்கு. எல்லாப் பக்கமும் திரும்ப வேண்டும் என்பதால், ஒவ்வொரு சக்கரமும் பெட்டிக்கு வெளியே ஒரு சின்னத் தண்டில் நிற்கிறது. பேவர் கல் இடுக்கில் அது மாட்டும்போது, நீங்கள் இழுக்கிற வேகமெல்லாம் அந்தத் தண்டின் மேல் விழும். சாய்த்து இழுத்தால் மொத்தப் பாரமும் இரண்டு சக்கரத்துக்கு வந்துவிடும். இரண்டு சக்கரப் பெட்டியில் அச்சு திரும்பாது; சக்கரமும் பாதி உள்ளே புதைந்திருக்கும். மெட்ரோ பிரேக் போடும்போது பெட்டி தானாக ஓடாது என்பது கூடுதல் வசதி.

கடையில் பெட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். சக்கரம் பெரிதாக இருக்க இருக்க நல்லது, 7 செ.மீ. விட்டம் இருந்தால் சின்ன இடுக்குகளைத் தாண்டிவிடும். கடினமான பிளாஸ்டிக் வேண்டாம், ரப்பர் மாதிரி லேசாக அமுங்குவதாக இருக்கட்டும். அப்புறம் அச்சைப் பாருங்கள். அலன் கீ போட்டுக் கழற்றும் போல்ட் என்றால், சக்கரம் தேய்ந்ததும் அதன் விட்டம், அகலம், துளை மூன்றையும் அளந்து வேறு வாங்கி நீங்களே மாட்டலாம். ரிவிட் என்றால் அதை அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

மழை நாளில் போய் வந்தால் சக்கரத்தை விரலால் சுழற்றிப் பாருங்கள். கரகரவென்று நின்றால் அச்சில் மணலோ முடியோ சுற்றியிருக்கிறது. அப்படியே இழுத்தால் சக்கரம் சுழலாமல் தேய்ந்து ஒரு பக்கம் தட்டையாகிவிடும். அதன்பின் மாற்றுவதைத் தவிர வழியில்லை.

பூட்டை ரொம்ப நம்ப வேண்டாம். ஜிப் பற்களுக்கு நடுவே ஒரு பால்பாயிண்ட் பேனாவைக் குத்தினால் ஜிப் பிளந்துவிடும். பூட்டிய இழுப்பானையே ஓட்டி மறுபடி மூடியும் விடலாம், தடயமே இருக்காது. ஆகவே நகை, லேப்டாப் எல்லாம் கைப்பையில்தான். டி.எஸ்.ஏ. பூட்டு, அமெரிக்கப் பரிசோதகர்கள் தங்கள் சாவியால் திறப்பதற்கானது. உள்நாட்டுப் பயணத்துக்கு அதற்காகக் கூடுதல் காசு தண்டம்.

டிராக்கர் வாங்கலாம், ஆனால் உங்கள் போனுக்குப் பொருந்துவதாக. ஏர்டேகுக்கு ஐபோன் வேண்டும். ஆண்ட்ராய்டு என்றால் கூகுளின் Find Hub உடன் சேர்வதாகப் பார்த்து வாங்குங்கள். இவற்றில் ஜிபிஎஸ் கிடையாது. பக்கத்தில் போகிறவர்களின் போன்கள் வழியாகத்தான் இடம் தெரியும் என்பதால், ஆளில்லாத கிடங்கில் பெட்டி கிடந்தால் பழைய இடத்தையே காட்டும். டேகைப் பெட்டிக்குள், துணிகளுக்கு நடுவே வையுங்கள். இதில் போடுகிற CR2032 பட்டன் பேட்டரி செக்-இன் பெட்டியில் இருக்கலாம். பவர் பேங்க் மட்டும் கூடாது. ஏர்டேகுக்குப் பேட்டரி மாற்றும்போது, குழந்தைகள் விழுங்காமலிருக்கக் கசப்புப் பூச்சு பூசியதை வாங்கினால் சிலது வேலை செய்யாது. பூச்சில்லாததைக் கேட்டு வாங்குங்கள்.